தங்கப்பாண்டி கவலையைப் பிரித்த கதை

அவனியாபுரத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டும் தங்கப்பாண்டிக்குக் கவலைப்படுவது பகுதிநேர வேலை கிடையாது. முழுநேர வேலை. ஆட்டோ ஓட்டுவதுதான் இடையிடையே கிடைத்த நேரத்தில் செய்வது. மழை வந்தால் வெள்ளம் வந்துவிடுமே என்பார். மழை நின்றால் கண்மாய் வற்றிவிடுமே என்பார். வண்டியில் ஏறுகிற எட்டுப் பேரில் ஒருவர் தும்மினால் போதும், மதுரை மாவட்டத்துக்கே காய்ச்சல் வந்துவிட்டதாக அவருக்குத் தோன்றும்.

இப்படிப்பட்ட ஆளின் வீட்டுக்கு மகள் தலைப்பிரசவத்துக்கு வந்தால் என்ன ஆகும்? அதுதான் ஆனது.

மகள் தாமரைச்செல்வியை மேலூரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். ஒன்பதாம் மாசம் வளைகாப்பு முடித்து அழைத்து வந்தார்கள். டாக்டர் குறித்துக்கொடுத்த தேதி ஜனவரி பதினெட்டு. பொங்கலன்று அவனியாபுரத்தில் ஜல்லிக்கட்டு. இவர்கள் வீடு மாடு விடுகிற இடத்திலிருந்து நாலு தெரு தள்ளி. அன்றைக்குத் தெருவெல்லாம் தடுப்பும் போலீசும் சனமும்தான். ஷேர் ஆட்டோ என்ன, ஒரு கோழிகூட குறுக்கே போக முடியாது.

தங்கப்பாண்டி தூக்கத்தைத் தொலைத்தார். தூங்குகிற மகளின் முகத்துக்கு நேரே குனிந்து, "தாயி, புள்ள அசையுதா?" என்பார். சாப்பிடும்போது கேட்பார். குளிக்கப் போகும்போது கதவைத் தட்டிக் கேட்பார். ஸ்டாண்டிலிருந்து ஒரு நாளைக்கு நாற்பது தடவை போன் வரும். பத்தாம் நாள் தாமரைச்செல்வி பொறுக்க முடியாமல் சொல்லிவிட்டாள்.

"அப்பா, நான் மேலூருக்கே போறேன். அங்க அத்தை இருக்காங்க, மாமா இருக்காங்க, ஆஸ்பத்திரியும் இருக்கு. நிம்மதியா பெத்துக்கிறேன்."

தலைப்பிரசவம் தாய் வீட்டில் பார்க்காமல் மாமியார் வீட்டில் பார்ப்பதா? தங்கப்பாண்டிக்கு நெஞ்சு படபடத்தது, வேர்த்தது. மனைவி முத்துத்தாய் அவரை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். இதயம் நன்றாக இருக்கிறது என்றார் டாக்டர். "உங்களுக்கு இருக்கிறது கவலை அண்ணே. வியாழக்கிழமை ஆலோசகர் வருவாங்க. அவங்களப் பாருங்க" என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்.

"பைத்தியம்னு முடிவு பண்ணிட்டாங்க" என்று தங்கப்பாண்டி வீடு வரைக்கும் அழுதார். பாதி வழியில் முத்துத்தாயும் சேர்ந்து அழுவாள் என்று பார்த்தார். அவள் சிரித்துக்கொண்டே வந்தாள்.

ஆலோசகர் பெயர் ராஜஸ்ரீ. முப்பது வயசுக்கு மேல் இருக்காது. "என்ன கவலை அண்ணே?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். தங்கப்பாண்டி ஆரம்பித்தார். வெளியே வரிசையில் இருந்த இரண்டு பேர் டீ குடித்துவிட்டு வந்தும் அவர் முடிக்கவில்லை.

ராஜஸ்ரீ ஒவ்வொன்றையும் சின்னத் தாளில் எழுதினாள். அவருக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும் என்பதால் பக்கத்தில் சின்னப் படமும் போட்டாள். மாத்திரை போட்டுக்கொடுக்கிற பழுப்புக் கவர் இரண்டை மேசையில் வைத்தாள்.

"அண்ணே, ஒவ்வொரு தாளையும் எடுத்து ஒரே கேள்வி கேளுங்க. இதுக்கு என்னால ஏதாவது செய்ய முடியுமா? முடியும்னா இந்தக் கவர். எவ்வளவு யோசிச்சாலும் நம்ம கையில இல்லைன்னா அந்தக் கவர்."

தங்கப்பாண்டி ஒரு நிமிடத்தில் பிரித்து முடித்தார். பஸ்ஸில் சில்லறை கொடுப்பதுபோல வேகம். குழந்தை நல்லா இருக்குமா என்ற தாளை 'செய்ய முடியும்' கவரில் போட்டார். பொங்கலன்று வலி வந்தால் ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போவது என்ற தாளை 'கையில் இல்லை' கவரில் போட்டார்.

ராஜஸ்ரீ முதல் தாளை எடுத்துக் காட்டினாள். "குழந்தை நல்லா இருக்கறதுக்கு நீங்க என்ன செய்றீங்க?"

"அசையுதா அசையுதான்னு கேட்டுக்கிட்டே இருக்கேன்ல."

"நீங்க நாப்பது தடவை கேட்டா குழந்தை நாப்பது தடவை நல்லா இருக்குமா?"

தங்கப்பாண்டி தாளில் இருந்த படத்தை உற்றுப் பார்த்தார்.

"செக்கப்புக்கு ஒழுங்கா கூட்டிட்டுப் போறீங்க. சரி, அது நீங்க செஞ்சாச்சு. அசைவு குறைஞ்சா காத்திருக்காம உடனே ஆஸ்பத்திரிக்கு வரணும்னு நர்ஸ் உங்க மகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்காங்க. அதுக்கு மேல பிரசவம் எப்படி நடக்கும், குழந்தை எப்படிப் பொறக்கும்கிறது உங்க கையில இல்ல. என் கையிலயும் இல்ல." அந்தத் தாளை இரண்டாவது கவருக்கு மாற்றினாள். பிறகு இன்னொரு தாளை எடுத்தாள். "இது ஏன் அந்தப் பக்கம் போச்சு?"

"மேடம், ஜல்லிக்கட்டு! அதை யார் நிறுத்துறது? கலெக்டராலயே முடியாது. நானு நிறுத்தப்போனா ஊரே என்னை வாடிவாசல்ல அவுத்து விட்டுரும்."

"நிறுத்த வேண்டாம் அண்ணே. ஜல்லிக்கட்ட நிறுத்துறது உங்க கையில இல்ல. ஆனா உங்க பிரச்சினை ஜல்லிக்கட்டு இல்லையே. வலி வந்த பொண்ணு ஆஸ்பத்திரி போய்ச் சேரணும். அதுதானே?"

தங்கப்பாண்டிக்கு அன்றுதான் தெரிந்தது. மலை மாதிரி நின்ற கவலைக்குள்ளே இரண்டு ஆள் ஒளிந்திருக்கிறார்கள். ஒருத்தனை அசைக்க முடியாது. இன்னொருத்தனைத் தோளில் கைபோட்டு நகர்த்திவிடலாம்.

"இப்ப வழி சொல்லுங்க" என்றாள் ராஜஸ்ரீ. "நல்ல வழி, கிறுக்குத்தனமான வழி எல்லாம் சொல்லலாம். அப்பறமாத்தான் கழிக்கணும்."

தங்கப்பாண்டிக்கு உற்சாகம் வந்துவிட்டது. "ஏர்போர்ட்டு பக்கத்துலதான மேடம் இருக்கு, ஹெலிகாப்டர் கேட்டுப் பாக்கலாம்." எழுதினாள். "கட்டிலோட தூக்கிட்டுப் போயிரலாம், ஸ்டாண்டுல நாலு மாப்ளைங்க இருக்கானுக." எழுதினாள். "மேலூருக்கே அனுப்பிரலாம்." இதைச் சொல்லும்போது குரல் இறங்கியது. அதையும் எழுதினாள். "பொங்கலுக்கு முன்னாடியே கோரிப்பாளையத்துல என் மதினி ஒச்சாயி வீட்டுல கொண்டுபோய் வைக்கலாம். பெரியாஸ்பத்திரி அங்க பக்கம்." எழுதினாள். "ஆட்டோவ தடுப்புக்கு வெளிய நிறுத்தி வைக்கலாம். எந்தத் தெரு திறந்திருக்கும்னு போலீஸ்காரர்கிட்டயே முன்கூட்டிக் கேட்டுக்கலாம்."

ஒவ்வொன்றுக்கும் என்ன நல்லது, என்ன கெட்டது என்று பேசினார்கள். ஹெலிகாப்டர் முதலில் போனது. கட்டில், மாப்ளைகளின் இடுப்பைக் கருதிக் கழிந்தது. கடைசியில் மதினி வீடு என்று முடிவானது. அதற்கு முன்னாலேயே வலி வந்துவிட்டால் திறந்திருக்கிற தெரு எது என்று தெரிந்துவைத்திருப்பது என்றும் சேர்த்துக்கொண்டார்கள்.

"முதல் வேலை என்ன அண்ணே?"

"மதினிக்குப் போன் போடுறது."

"அதுக்கும் முன்னாடி?"

தங்கப்பாண்டி விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். ராஜஸ்ரீ மெதுவாகச் சொன்னாள். "உங்க மகள்கிட்ட கேட்டீங்களா?"

கேட்கவில்லை. புள்ள அசையுதா என்று நாற்பது தடவை கேட்ட மனிதர், உனக்கு என்ன வேண்டும் தாயி என்று ஒரு தடவை கேட்கவில்லை.

இரண்டாவது கவருக்கும் ராஜஸ்ரீ வழி சொன்னாள். கையில் இல்லாத கவலை வந்தால் விரட்ட வேண்டாம். சாயங்காலம் அஞ்சு மணிக்குக் கால் மணி நேரம் அதற்கென்று ஒதுக்கிக்கொள்ள வேண்டும். மற்ற நேரத்தில் வந்தால், அஞ்சு மணிக்கு வா என்று சொல்லிவிட்டு, கண்ணுக்கு முன்னால் இருக்கிற வேலையைப் பார்க்க வேண்டும். மனசு மறுபடி ஓடினால் மறுபடி கூட்டிவர வேண்டும்.

அன்று மத்தியானம் தங்கப்பாண்டி மகள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். அசையுதா என்ற வார்த்தை தொண்டை வரை வந்தது. முழுங்கினார். கருவாட்டு முள் முழுங்கினதைவிடக் கஷ்டமாக இருந்தது.

"தாயி, நீ எங்க இருந்தா உனக்கு நிம்மதி?"

தாமரைச்செல்வி அவரை ஒரு மாதிரிப் பார்த்தாள். வேறு யாரோ அப்பா மாதிரி வேஷம் போட்டு வந்துவிட்டார்களா என்று.

"அம்மா பக்கத்துல இருந்தா நிம்மதி" என்றாள். "உங்க பக்கத்துலயுந்தான். ஆனா நீங்க பயப்படுறதப் பாத்து எனக்குப் பயமா வருதுப்பா."

தங்கப்பாண்டிக்குக் கண் கலங்கிவிட்டது. மதினி வீட்டு யோசனையைச் சொன்னார்.

"பெரியம்மா வீட்டுக்கு வாரேன். ஆனா புள்ள பொறந்ததுக்கப்புறம் மேலூரா, இங்கயான்னு இன்னும் நான் முடிவு பண்ணல. நீங்க எப்படி இருக்கீங்கன்னு பாத்துட்டுச் சொல்றேன்."

மறுநாளே ஆட்டோவை எடுத்துக்கொண்டு மதினி வீட்டிலிருந்து பெரியாஸ்பத்திரிக்கு ஒத்திகை பார்த்தார். ஆளே இல்லாத பின்சீட்டைப் பார்த்து, "வலிக்குதா தாயி, இந்தா வந்துட்டோம்" என்று பேசிக்கொண்டே போனதைப் பார்த்த சோலை என்ற சக ஓட்டுநர், முத்துத்தாய்க்குப் போன் போட்டுத் துக்கம் விசாரித்தான். ஒத்திகையில் ஒரு விஷயம் தெரிந்தது. மதினியின் சந்து காலையில் காய்கறி வண்டிகளால் அடைந்துவிடுகிறது. அடுத்த வியாழன் ராஜஸ்ரீயிடம் சொன்னார். "அப்ப திட்டத்துல என்ன மாத்தணும்?" என்றாள். ஆட்டோவைச் சந்து முனையில் நிறுத்துவது என்று மாற்றினார்.

சாயங்காலம் அஞ்சு மணிக்கு ஆட்டோவில் உட்கார்ந்து முறைப்படி கவலைப்பட்டார். முதல் நாள் கால் மணி நேரம் போதவில்லை. நாலாம் நாள் பத்தாவது நிமிடத்தில் கொட்டாவி வந்தது. போன் நாற்பதிலிருந்து பன்னிரண்டாகி மூன்றானது. சுத்தமாக நிற்கவில்லை. நின்றிருந்தால் முத்துத்தாயே அவரை மறுபடி டாக்டரிடம் கூட்டிப்போயிருப்பாள்.

பதிமூன்றாம் தேதி மதினி வீட்டுக்குப் போவதாக ஏற்பாடு. குழந்தைக்கு அந்த ஏற்பாடு தெரியாது. பன்னிரண்டாம் தேதி காலை பத்து மணிக்கு வலி எடுத்துவிட்டது. அதற்குள் தெருமுனையில் மூங்கிலும் தடுப்பும் கட்டியாகிவிட்டது.

முத்துத்தாய் பையை எடுப்பதற்கு முன் தங்கப்பாண்டி ஆட்டோவைத் திருப்பி நிறுத்தியிருந்தார். போலீஸ்காரரிடம் கேட்டுவைத்திருந்த பின்தெரு வழியாக பைபாஸைப் பிடித்தார். பள்ளத்துக்குப் பள்ளம் வண்டியை மெதுவாக இறக்கி ஏற்றினார். வழியெல்லாம் பேசியது ஒன்றே ஒன்றுதான்: "இன்னும் கொஞ்ச தூரந்தான் தாயி."

பிரசவ அறைக் கதவு மூடியது. முத்துத்தாய் உள்ளே, இவர் வெளியே. இனி ஓட்ட வழியில்லை, கேட்கத் தெருவில்லை, செய்ய ஒன்றுமில்லை. கவலை அஞ்சு மணி வரை காத்திருக்கிற ஜாதியில்லை, வந்து மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டது. தங்கப்பாண்டி கதவைத் தட்டவில்லை. போகிற நர்ஸை மறிக்கவில்லை. பக்கத்துப் பெஞ்சில் அவரைவிட மோசமாக நடுங்கிக்கொண்டிருந்த ஓர் ஆளுக்கு டீ வாங்கிக் கொடுத்தார். அந்த ஆள் டீயைச் சிந்தினார், இவர் துடைத்தார். மனசு கதவுக்குள் ஓடியது, கூட்டிவந்தார். ஓடியது, கூட்டிவந்தார். இருபத்தைந்து வருஷம் ஆட்டோ ஓட்டியதில் இத்தனை டிரிப் அடித்ததில்லை.

மூன்று மணிக்குப் பெண் குழந்தை. அவர் அழுத அழுகையில் குழந்தையின் அழுகை யாருக்கும் கேட்கவில்லை.

பொங்கலுக்கு மறுநாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். மேலூரிலிருந்து மருமகனும் வந்து நின்றான். தங்கப்பாண்டி ஆட்டோவைக் கொண்டுவந்து நிறுத்தினார். எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று கேட்கவில்லை. கை ஹேண்டிலில், கண் ரோட்டில், உயிர் பின்சீட்டில்.

தாமரைச்செல்வி குழந்தையோடு ஏறி உட்கார்ந்தாள். முந்தானையை இழுத்துக் குழந்தையின் தலைக்கு மறைப்புக் கட்டினாள்.

"என்னப்பா ஒண்ணும் கேக்கல?"

"நீயே சொல்லுவன்னு இருக்கேன் தாயி."

"மூணு மாசத்துக்கு நான் எங்கயும் போகல. நம்ம வீட்டுக்கு விடுங்க" என்றாள். "மெதுவா போங்கப்பா. தூங்குறா."