கைப்பேசியில் வீங்காத முகம்

இன்று மருத்துவமனையில் என் முறைக்காகக் காத்திருந்தபோதும் கைப்பேசியில்தான் முகம் பார்த்துக்கொண்டேன். ஃபில்டர் போட்டுத்தான். கண்ணாடி இருக்கும் பக்கமே நான் போவதில்லை.

என் சிறுநீரகம் புரதத்தை ஒழுகவிடுகிறது (நெஃப்ரோட்டிக் சிண்ட்ரோம்). போன வருடம் ஒரு காலையில் கண்ணிமை வீங்கியதில் தொடங்கியது. ஸ்டீராய்டு மாத்திரை நோயை அடக்கியது, கன்னங்களை உருட்டிவிட்டது (மூன் ஃபேஸ், நிலா முகம்). யார் பெயர் வைத்தார்களோ, அவர்களுக்கு அது வந்திருக்காது.

ஃபில்டர் கன்னத்தை உள்ளே இழுக்கும், தாடையைக் கூராக்கும், தோலை வழவழப்பாக்கி வெளுக்கும். எல்லா அளவையும் உச்சத்தில் வைத்திருந்தேன். சிங்கப்பூரில் வேலை செய்யும் தங்கையிடம் வீடியோவில் பேசும்போதும் அதே முகம்தான். கன்னத்தில் கை வைத்தால் ஃபில்டர் நழுவிவிடும் என்பதால் கையைக் கீழேயே வைத்துக்கொள்வேன். அந்த முகம் திரும்பக் கிடைக்குமென்றால் மாத்திரையையே விட்டுவிடலாமா என்றுகூட யோசித்தேன். உங்களில் யாருக்கும் அந்த எண்ணம் வந்தால், தயவுசெய்து முதலில் டாக்டரிடம் சொல்லுங்கள்.

என் முறை வந்ததும் டாக்டரம்மா என் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"கண்ணுக்குக் கீழ வீக்கம் புதுசா, முன்னாடியே இருந்துச்சா? மாத்திரைய குறைக்கலாமான்னு பார்க்கணும். போன மாசத்துப் போட்டோ இருந்தா காட்டுங்க."

கைப்பேசியில் படங்களைத் தள்ளிக்கொண்டே போனேன்: தீபாவளி, தைப்பூசம், தங்கை மகள் பிறந்தநாள். எல்லாவற்றிலும் ஒரே தாடை.

என் கணவர் குமார் எட்டிப் பார்த்தார். "எல்லாம் ஒரே மூஞ்சியா இருக்கே லா. எப்ப வீங்குச்சு, எப்ப வத்துச்சுன்னே தெரியல."

ஃபில்டரோடு எடுத்ததால் அசல் படம் எங்கும் சேமிக்கப்படவில்லை. ஒரு வருடமாக நான் பட்ட பாடு என் கைப்பேசியில் நடக்கவே இல்லை. அவமானமாக இருந்தது.

"சிறுநீர் டெஸ்ட் வரட்டும். அதுவரைக்கும் இதே அளவு. நீங்களா நிறுத்திடாதீங்க," என்றார் டாக்டரம்மா. "காலைல எழுந்ததும் ஜன்னல் வெளிச்சத்துல ஒரு போட்டோ. ஃபில்டர் வேணாம்மா."

செடெனாக்கில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்ததும் அந்த ஃபில்டர் செயலியை அழித்தேன். பிறகு எடுத்த படத்திலும் தோல் மழமழவென்றே இருந்தது. கேமராவுக்குள்ளேயே 'பியூட்டி' என்று ஒன்று ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. அதையும் அணைத்தேன். கிட்டே வைத்து எடுத்தால் மூக்கு பெரிதாகத் தெரியும் என்பதால் குமாரைத் தள்ளி நின்று பின்பக்கக் கேமராவில் எடுக்கச் சொன்னேன்.

சிவந்த கன்னம், அதில் பூனை முடி, மூடிப்போன கண்கள். நான் அழுதேன். அவர் சமாதானம் சொல்லவில்லை.

"வீங்கித்தான் இருக்கு. இடது பக்கம் கொஞ்சம் கம்மி."

படத்தைப் பெரிதாக்கினேன். வீக்கத்தில் காணாமல் போயிருந்த இமைமடிப்பு, இடது கண்ணில் மட்டும் மெல்லிய கோடாகத் திரும்பியிருந்தது. எப்போது வந்ததோ, தெரியாது. நான் பார்க்கவில்லை.

என் முகத்தில் இன்று எனக்குப் பிடித்தது அந்தக் கோடு மட்டும்தான். காலையில் ஜன்னலருகே போய், அது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.