போடாத கூரைக்கு வட்டி

மணவாள நகரில் வீடு கட்டி முடியும்வரை, வங்கி கட்டம் கட்டமாகக் கொடுத்திருக்கும் கடனுக்கு மட்டும் மாதாமாதம் வட்டி. அதைச் சரிபார்ப்பது சாராள். கும்மிடிப்பூண்டியில் ஷிப்டு பார்க்கும் அவள் கணவன் தேசப்பனுக்கு அந்தப் பொறுமையெல்லாம் கிடையாது.

அஸ்திவாரத்துக்கு வந்த ஒன்றரை லட்சத்துக்கு, எட்டு சதவீதத்தில் ஆயிரம் ரூபாய்தான் வட்டி. இந்த மாதம் இரண்டாயிரம் விழுந்திருந்தது. கணக்குத் தெரியாத ஜென்மங்கள் என்று முனகியபடி, தேசப்பனையும் இழுத்துக்கொண்டு வங்கிக்குப் போனாள்.

அதிகாரி ஃபைலைத் திருப்பினார். "கூரைக்கான ஒன்றரை லட்சம் போன மாசக் கடைசியிலயே பில்டருக்குப் போயிடுச்சும்மா. கூரை போட்டாச்சுன்னு எங்க இன்ஜினியர் ரிப்போர்ட் குடுத்திருக்காரு. பணத்தைக் குடுக்கச் சொல்லி உங்க வீட்டுக்காரரும் கையெழுத்து போட்டிருக்காரு."

தேசப்பன் தரையைப் பார்த்தான். "ஒவ்வொரு தபாவும் லீவு போட்டா அட்டெண்டன்ஸ் காசு பூடும்னு, எல்லா லெட்டர்லயும் முன்னாடியே ஒண்ணா கையெழுத்து போட்டு பில்டராண்ட குட்த்துட்டேன்."

காலில் ஒட்டிய சாணியைப் பார்ப்பதுபோல் அவனைப் பார்த்துவிட்டு, சாராள் அதிகாரியிடம் திரும்பினாள்.

"சுவரே இன்னும் இடுப்பு ஒசரம்தான் சார். அந்த இன்ஜினியரை மழைக்கு அனுப்பி வைங்க. அவர் பார்த்த கூரைக்குக் கீழயே நிக்கட்டும். தொணைக்கு இவரையும் நிக்க வெக்கிறேன்."