எகிறிய முதல் பந்து

அவளுக்குப் பம்பரம் என்று பெயர் வைத்தது யார் என்பதில் அணிக்குள் இன்னும் சண்டை உண்டு. பெயர் பொருத்தம் என்பதில் மட்டும் யாருக்கும் சந்தேகம் கிடையாது. முப்பத்து மூன்று வயதாகியும் ஓர் இடத்தில் நிற்க அவளுக்குத் தெரியாது. குடிநீர் வாரியத்தில் ஒப்பந்த வேலை, வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்த்துக் குறிக்க வேண்டும். கேட்டைத் திறந்தவர் "யாரு?" என்று கேட்டு முடிப்பதற்குள் அவள் குறித்து முடித்து அடுத்த வீட்டு மணியை அடித்திருப்பாள். வீட்டில் சோற்றைக்கூட நின்றபடி, நடந்தபடிதான் சாப்பிடுவாள். அவள் கணவன் சலூன் வைத்திருப்பவன், நிதானமான ஆள். "உனக்கு முடி வெட்டறதும் ஓடுற பஸ்ஸுக்கு பெயின்ட் அடிக்கறதும் ஒண்ணுதான்" என்பான்.

இந்தப் பதற்றம் அவளுக்கு ஒரு காலத்தில் சோறு போட்டது. அவள் ஹாக்கி ஆடி வளர்ந்தது புல்தரையில். புல் என்பதே மரியாதைக்குச் சொல்வது. பாதி புல், பாதி மேடு பள்ளம். அங்கே அடித்த பந்து கொஞ்ச தூரம் போனதுமே சோர்ந்துவிடும், நடுவில் ஒரு கல்லைக் கண்டால் துள்ளும், திசை மாறும். யார் முதலில் பாய்ந்து போகிறார்களோ பந்து அவர்களுடையது. அவள் எப்போதும் முதலில் பாய்ந்தாள். பந்து எந்தப் பக்கம் குதித்தாலும் மட்டையை நிமிர்த்திப் பிடித்து, கையைத் தளர்த்தி, அதைக் காலடியில் செத்து விழவைப்பாள். அந்தக் கைக்காகத்தான் வாரியத்து அணியில் அவளைச் சேர்த்தார்கள், ஒப்பந்த வேலையும் கொடுத்தார்கள்.

பிறகு மைதானம் மாறியது. போட்டிகள் எல்லாம் செயற்கைத் தரைக்குப் போய்விட்டன. டர்ஃப் என்றால் நீலக் கம்பளம் விரித்ததுபோல் சமமான தரை. ஆட்டத்துக்கு முன்னால் அதை நன்றாக நனைப்பார்கள். நனைந்த டர்ஃபில் பந்துக்குச் சோர்வே கிடையாது. தரையை விட்டு எழும்பாமல் வழுக்கிக்கொண்டு, அடித்த வேகம் குறையாமல் வரும். முதல் நாள் அவள் பந்து எங்கே வந்து நிற்கும் என்று கணக்குப் போட்டு ஓடினாளோ, பந்து அந்த இடத்தைத் தாண்டி எப்போதோ போயிருந்தது. சரி, நாமே கொடுப்போம் என்று புல்தரைப் பழக்கத்தில் ஓங்கி ஒரு அடி அடித்தாள். அது தோழியையும் தாண்டி, எல்லைக் கோட்டையும் தாண்டி, தண்ணீர்ப் பாட்டில்களைச் சாய்த்துவிட்டு நின்றது. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

பயிற்சியாளர் அவளைவிட நான்கு வயது சின்னவள், டர்ஃபிலேயே ஆடிப் பழகியவள். ஒரு நாள் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள்.

"அக்கா, முன்வரிசையில இனிமே உங்களை ஆட விட முடியாது. ஆனா பெனால்டி கார்னருக்குப் பந்தை நிறுத்த ஒரு ஆள் வேணும். உங்க கை நல்ல கை. பழக்கத்தை மட்டும் மாத்தணும்."

"என்ன மாத்தணும்?"

"பந்தைத் தேடிப் போறீங்க. இங்க அது தானா வரும். குனிஞ்சு, மட்டையைத் தரையோட தரையா படுக்கப் போடுங்க. போட்டுட்டுச் சும்மா இருங்க."

"சும்மா இருக்கறதா? அது ஒண்ணுதானே எனக்கு வராது!"

பெனால்டி கார்னர் என்றால் கோல் கோட்டிலிருந்து ஒருத்தி பந்தைத் தள்ளுவாள். கோலைச் சுற்றிப் போட்டிருக்கும் வட்டத்துக்கு வெளியே நிற்பவள் அதை நிறுத்துவாள். நிறுத்திய பந்தை மூன்றாவது ஆள் கோலுக்குள் அனுப்புவாள். நிறுத்துபவள் கோட்டைவிட்டால் மொத்தமும் போச்சு. டர்ஃபில் பந்து குதிக்காது என்பதால் மட்டையை நீளவாக்கில் படுக்கப் போட்டால் போதும், ஏறக்குறைய ஒரு மீட்டருக்குச் சுவர் கிடைக்கும். அதே வித்தையைப் புல்லில் காட்டினால் பந்து ஒரு சின்ன மேட்டில் எகிறி மட்டைக்கு மேலே தாண்டிப் போய்விடும். அதனால் புல்லில் மட்டை நிமிர்ந்து நிற்க வேண்டும்.

அந்த ஓர் இடத்தில்தான் அவள் பிழைப்பே தொங்கியது. துறைகளுக்கு இடையிலான போட்டிக்குப் போகும் அணியில் பெயர் வந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை நிரந்தரம். முப்பத்து நான்கு வயது ஆகிவிட்டால் அந்தக் கதவு சாத்தப்படும். அவளுக்கு முப்பத்து நான்கு ஆக இன்னும் ஒரு வருடம்கூட இல்லை.

வாரத்தில் இரண்டு நாள்தான் டர்ஃப் கிடைக்கும். மற்ற நாட்களுக்கு அவள் கண்டுபிடித்த மைதானம் கணவனின் சலூன். நீளமான, குறுகலான கடை, வழவழவென்று டைல்ஸ் தரை. மதியம் இரண்டிலிருந்து நான்கு வரை கடைக்கு யாரும் வரமாட்டார்கள். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, நாற்காலிகளை ஓரங்கட்டி, தரையில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றுவார்கள். ஒரு கோடியிலிருந்து அவன் பந்தைத் தள்ளுவான், மறு கோடியில் அவள் குனிந்து மட்டையைப் படுக்கப் போடுவாள். அவளுக்குப் பின்னால் பழைய மெத்தை ஒன்று சுவரில் சாய்ந்திருக்கும்.

ஹாக்கி மட்டையைக் கையில் பிடித்தறியாத மனுஷன் அவன். முதல் வாரம் அவன் தள்ளிய பந்து பாதி வழியில் மனம் மாறி நின்றது. இரண்டாம் வாரம் அவனே வழுக்கி விழுந்தான். இரண்டாம் மாதம் ஒரு கண்ணாடியின் அடி மூலையில் விரிசல் விழுந்தது. "யாரு அடிச்சது?" என்று கேட்ட வாடிக்கையாளர்களிடம், "என் சம்சாரம்தான், ஆனா என்னை அடிக்கும்போது தவறிப் பட்டது" என்றான். நான்காவது மாதத்துக்குள் அவன் தள்ளும் பந்து விர்ரென்று வந்தது. அவளும் மெல்ல மெல்ல அசையாமல் இருக்கக் கற்றுக்கொண்டாள். கால் துறுதுறுக்கும், தோள் துடிக்கும், பல்லைக் கடித்துக்கொண்டு மட்டையைப் படுக்க வைத்திருப்பாள். டக். பந்து நிற்கும். எட்டு மாதம் இது நடந்தது.

தேர்வு நாள் வந்தது. காலையில் மைதானத்துக்குப் போனால் டர்ஃப் வறண்டு கிடந்தது. முந்தின நாளே மோட்டார் எரிந்துவிட்டதாம்.

"தண்ணி வாரியத்து டீமுக்கே தண்ணி இல்லையா!" என்று கோல்கீப்பர் தலையில் அடித்துக்கொண்டாள்.

காய்ந்த டர்ஃபில் ஆடினால் கால் வழுக்காமல் பிடித்துக்கொள்ளும், முட்டி திரும்பிவிடும், விழுந்தால் தோல் உரியும். யாரையும் அதில் இறக்க முடியாது என்று பயிற்சியாளர் சொல்லிவிட்டாள். தேர்வைத் தள்ளிவைக்கவும் வழியில்லை, மறுநாளைக்குள் பட்டியலை அனுப்பியாக வேண்டும். பக்கத்துப் பயிற்சி மைதானத்தில் ஆட்டம் என்று முடிவானது. புல்தரை.

எல்லாரும் அவள் முதுகில் தட்டினார்கள். "பம்பரம் அக்காவுக்கு அடிச்சது யோகம்! உங்க பொறந்த வீட்டுக்கே தேர்வு வந்துடுச்சு." அவளுக்கும் உள்ளுக்குள் குளிர்ந்துபோனது. நிறுத்துகிற இடத்துக்குப் போட்டி ஒரே ஒருத்திதான். வாரியத்தின் கட்டணக் கவுன்ட்டரில் உட்கார்கிறவள், இருபத்தாறு வயது, அவளும் புல்லில் வளர்ந்தவள். ஆளுக்கு நான்கு பெனால்டி கார்னர் என்றார்கள்.

கவுன்ட்டர்ப் பெண் முதலில் போனாள். மட்டையை நிமிர்த்திப் பிடித்தாள். நான்கில் நான்கும் நிறுத்தினாள்.

பம்பரத்தின் முறை. பந்து கிளம்பிய சத்தம் கேட்டதுதான் தெரியும். அதற்குள் அவள் குனிந்திருந்தாள், மட்டை தரையோடு தரையாகப் படுத்திருந்தது, உடம்பு கல்லாக இருந்தது. யோசித்துச் செய்ததல்ல. பந்து மூன்றடிக்கு முன்னால் ஒரு புல் முடிச்சில் பட்டு எகிறியது. மட்டையைத் தாண்டி, அவள் தோளையும் உரசிக்கொண்டு பின்னால் போய்விட்டது.

யாரோ "ஐயோ" என்றார்கள். பிறந்த வீட்டு வாசற்படியில் கால் தடுக்கி விழுந்துவிட்டேனே என்று பம்பரம் நினைத்தாள். அடுத்த மூன்றுக்கும் பல்லைக் கடித்து மட்டையை நிமிர்த்தினாள், பந்தைத் தேடி ஓரடி முன்னால் பாய்ந்தாள், பழைய கை வந்துவிட்டது, மூன்றும் நின்றன. என்ன பிரயோஜனம்? அங்கே நான்கு, இங்கே மூன்று. சின்னப் பிள்ளைகூடக் கூட்டிச் சொல்லிவிடும்.

நேரே சலூனுக்குப் போனாள். கடையில் ஆள் இல்லை. கணவன் வழக்கம்போல் வாளியில் தண்ணீர் பிடித்து வைத்திருந்தான்.

"ஊத்தாதீங்க. எல்லாம் முடிஞ்சுது."

நடந்ததைச் சொன்னாள். சொல்லச் சொல்ல ஆத்திரம் ஏறியது.

"எனக்கு இருந்தது ஒரே ஒரு கை. அதையும் இந்த வழவழ தரையில போட்டுக் கெடுத்தாச்சு. தினமும் வா வான்னு கூப்பிட்டுத் தள்ளித் தள்ளி நீங்கதான் கெடுத்தீங்க!"

கூப்பிட்டது அவளேதான். அது அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அவன் வாளித் தண்ணீரைக் கழிவறையில் கொட்டினான். மெத்தையைச் சுருட்டிக் கட்டினான். தன் மட்டையை அலமாரிக்குப் பின்னால் செருகினான். அவன் திட்டியிருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு வலித்திருக்காது.

மறுநாள் அவள் பார்த்த மீட்டர்களை எல்லாம் திரும்ப ஒரு தரம் பார்க்க வேண்டியிருந்தது. ஒரு வீட்டில் மீட்டர் எண்ணுக்குப் பதில் கதவு எண்ணை எழுதிவைத்தாள். அலுவலக வாசலில் பட்டியல் ஒட்டியிருக்கும் என்று தெரிந்தும், ஒரு தெருவைத் தேவையில்லாமல் இரண்டு முறை சுற்றினாள். கடைசியில் ஓட்டமும் நடையுமாகப் போய் நின்றபோது பதினெட்டுப் பெயர்கள் இருந்தன. பதினொன்றாவது அவள் பெயர், பக்கத்தில் 'பந்து நிறுத்துபவர்' என்று இருந்தது. தன் பெயரை யாரோ வேறொருத்தியின் பெயரைப்போல் எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

பயிற்சியாளர் உள்ளே கடிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். கவுன்ட்டர்ப் பெண் கண் சிவந்து அப்போதுதான் வெளியே போனாள்.

"ஏம்மா, ஆளு மாத்திப் போட்டுட்டியா? அவ நாலும் நிறுத்தினா. நான் மூணுதான்."

"நீங்க நிறுத்தின மூணை நான் கணக்குலயே எடுக்கலக்கா."

"அப்புறம்?"

"போட்டி எதுல? டர்ஃப்ல. அவசரத்துல யாரு உடம்பு என்ன பண்ணுதுன்னு மட்டும்தான் பார்த்தேன். யோசிக்க நேரமில்லாம வந்தது முதல் பந்துதான். அதுக்கு உங்க மட்டை தானா படுத்துச்சு. நீங்க அசையவே இல்ல. நேத்து புல் எகிறவிட்டுச்சு, டர்ஃப் எகிறவிடாது. அவளுக்கு இன்னும் நிமிர்த்துற பழக்கம் போகல. அதைத்தான் அவகிட்டயும் சொன்னேன், அடுத்த வருஷம் அவ வருவா." கடிதத்திலிருந்து தலையைத் தூக்கினாள். "எங்கக்கா பழகினீங்க? வாரம் ரெண்டு நாள்ல அது வராதே."

பம்பரம் அதற்குள் வாசலை நோக்கிப் பாதி தூரம் ஓடியிருந்தாள்.

சலூனில் ஒரு பெரியவரின் முகத்தில் பாதி நுரை இருந்தது. அவள் மூச்சிரைக்க ஷட்டருக்குக் கீழே நின்றாள். கணவன் கத்தியை எடுத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தான்.

"பேர் வந்துடுச்சு" என்றாள். "நிறுத்தினதுக்காக இல்ல. கோட்டை விட்டேனே ஒண்ணு, அதுக்காகத்தானாம்." ஓரடி உள்ளே வந்தாள். "அது நீங்க தள்ளித் தள்ளி வந்தது. நேத்து நான் பேசினது தப்புங்க."

அவன் கத்தியைத் துடைத்தான். பெரியவரின் மறு கன்னத்தைச் சாவகாசமாக மழித்து முடித்தான். ஒரு நிமிடம்கூட நிற்கத் தெரியாதவள் அது முடியும்வரை அசையாமல் நின்றாள். துண்டை உதறி மாட்டிவிட்டு அவன் அலமாரிக்குப் பின்னால் கையை விட்டான்.

"மணி ரெண்டாகப் போகுது," என்றான். "வாளியை எடு."