கேள்வியின் முதல் வரி

திருமலைராயன்பட்டினத்தில், மருந்துக்கடை மாடியில், சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வுக்குப் பயிற்சி கொடுப்பவள் ஜுவைரியா. சட்டம் படித்தும் கோர்ட்டுப் படி ஏறாதவள் என்று ஊரில் சிலருக்கு அவள்மேல் இளக்காரம். தங்கள் பிள்ளைகளை மட்டும் அந்தச் சிலர் கூச்சமில்லாமல் அவளிடம்தான் அனுப்பி வைப்பார்கள்.

வகுப்பில் அவள் ஓயாமல் சொல்வது ஒன்று உண்டு. "கேள்வியில இருக்குறத மட்டும் பாருங்க. நீங்களா ஒண்ணையும் சேக்காதீங்க." பரீட்சைக்கு அது நல்ல புத்திதான். அதையே அவள் தம்பியின் வழக்குக்கும் கொண்டுபோனாள் பாருங்கள், அங்கேதான் வினை.

தம்பி ஃபயாஸ் மீன் வியாபாரி. பெட்டிக்கு ஐஸ் ஏற்ற ஐஸ் ஃபேக்டரிக்குள் போய் நின்றபோது அமோனியா குழாயிலிருந்து வாயு பீறிட்டது. உயிர் பிழைத்தான், நுரையீரல் போய்விட்டது. அக்காவின் மாடிக்குக்கூட ஏற முடியாது. கீழே நின்று போன் அடிப்பான், அவள்தான் இறங்கி வருவாள். இனி வியாபாரம் இல்லை, வழக்கு ஒன்றுதான் அவனுக்குப் பிடிமானம்.

போன மாதம் அப்படித்தான், தன் வக்கீல் சிவராமன் போட்ட வழக்கின் நகலையும் எதிர்த்தரப்பின் பதிலையும் கொண்டுவந்து கொடுத்தான்.

"பாருங்க லாத்தா. நிக்குமா?"

அவள் மருந்துக்கடை வாசலிலேயே நின்று படித்தாள். 'பிரதிவாதி தம் நிலத்தில் அமோனியாவைச் சேர்த்து வைத்திருந்தார். அது தப்பி வெளியேறி வாதிக்குக் கேடு விளைவித்தது' என்று எழுதியிருந்தார் சிவராமன். வாயு எங்கள் மதில் தாண்டவே இல்லை, மேலும் குழாயின் வால்வைக் கழற்றியவன் பித்தளை திருட வந்த எவனோ ஒருவன் என்றது பதில். கடும் பொறுப்பு என்கிற பழைய விதிக்கு இரண்டுமே சரியான அடி. அந்த விதிப்படி ஆபத்தான பொருள் நிலத்தை விட்டு வெளியேறியிருக்க வேண்டும். மூன்றாம் ஆள் செய்த காரியம் என்றால் உடைமைக்காரர் தப்பித்துக்கொள்வார். எத்தனையோ தாள்களில் திருத்திய விடைதான், எதிர்த்தரப்பின் பதிலுக்கு அவள் கை தானாகவே சரி போட்டுவிட்டது.

"நிக்காதுடா. லோக் அதாலத்துல குடுக்குறத வாங்கிக்கிட்டு சமாதானமாப் போயிடு."

"நீங்க சொன்னா சரி லாத்தா" என்றான். வேறு ஒருவரிடமும் அவன் கேட்கவில்லை.

சமாதானத்துக்குக் குறித்த சனிக்கிழமை காலை. வகுப்பில் இரண்டு கேள்விகள் கொடுத்திருந்தாள். முதலாவதில், ஒருவர் தன் தோட்டத்தில் பெரிய நீர்த்தொட்டி கட்டுகிறார். அடையாளம் தெரியாத எவனோ மதகைத் திறந்துவிட, பக்கத்து வீடு மூழ்குகிறது. இரண்டாவதில், குளோரின் தயாரிக்கும் நிறுவனத்தில் வெளியாள் ஒருவன் குழாயை உடைக்க, உள்ளே நின்ற லாரி டிரைவர் மயங்கி விழுகிறார். முத்தமிழ் என்கிற பெண் இரண்டுக்குமே 'பொறுப்பில்லை' என்று போட்டிருந்தாள்.

ஜுவைரியாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"கடைசி வரிய மட்டும் படிச்சா இப்படித்தான். மொதல் வரி என்ன சொல்லுது? தொட்டியில தனி ஆளு, அவரோட நெலம், வெளிய வந்த தண்ணி. அது ஸ்ட்ரிக்ட், கடும் பொறுப்பு. வெளியாள் செஞ்சான்னு சொல்லித் தப்பிக்கலாம். இது அப்படியா? ஆபத்தான தொழில் நடத்துற நிறுவனம். அப்சல்யூட், முழுப் பொறுப்பு. எவன் ஒடச்சா என்ன? மதிலுக்கு உள்ள நின்னா என்ன? தப்பிக்க ஒரு விலக்கும் கெடையாது."

"மிஸ், ரெண்டுலயும் எவனோதானே ஒடச்சான்?"

"ஒடச்சவன விடு. யாரு நடத்துறா, என்ன நடத்துறாங்கன்னு..."

'நிறுவனம்' என்று பலகையில் எழுதத் திரும்பியவள் அப்படியே நின்றாள். சுண்ணக்கட்டி கையிலேயே இருந்தது.

ஐஸ் ஃபேக்டரி தனி ஆளின் தோட்டமா? அமோனியா வைத்துத் தொழில் நடத்தும் நிறுவனம். சிவராமன் முதல் வரியைத் தப்பாக எழுதிவிட்டார். இவள் அதைப் பரீட்சைத் தாள் போலப் படித்து, இருந்ததற்கு விடை சொல்லிவிட்டாள். சமாதானத்தில் கையெழுத்து விழாதவரை வழக்கின் வரியைத் திருத்த மனுப் போடலாம். யார் நடத்துகிறார்கள், என்ன நடத்துகிறார்கள் என்று கேட்க வேண்டியவளே கேட்காமல் விட்டாள். அல்லாவே என்று வாய்விட்டே சொன்னாள்.

ஃபயாஸுக்குப் போன் போட்டாள், அடித்துக்கொண்டே இருந்தது, அவன் எடுக்கவில்லை. ஆட்டோ பிடித்துக் காரைக்கால் கோர்ட்டுக்கு ஓடினாள். வழியெல்லாம் 'கையெழுத்துப் போடாதே' என்று முணுமுணுத்தபடியே போனாள்.

கோர்ட்டு வாசலில் மர நிழலில் பெஞ்சில் ஃபயாஸ் உட்கார்ந்திருந்தான். கையெழுத்தான சமாதானக் காகிதம் மடித்தபடி சட்டைப் பையில் இருந்தது. லோக் அதாலத்தில் முடித்துக்கொண்டதை இனி அப்பீலுக்குக் கொண்டுபோக முடியாது என்று அவளுக்குத் தெரியும். அதைக் கரும்பலகையில் எழுதிப் போட்டவளும் அவள்தான்.

அவன் நகர்ந்து இடம் கொடுத்தான்.

"நீங்க சொன்ன மாதிரியே முடிச்சுட்டேன் லாத்தா. ஏன் இப்படி ஓடி வந்தீங்க? மூச்சு வாங்குது பாருங்க, உக்காருங்க."