ஈரப் பொட்டலமும் பதினோரு வாக்கியங்களும்

ரத்தத்தைக் கண்டு அவளுக்கு ஒரு நாளும் குமட்டியதில்லை. ஆபரேஷன் தியேட்டரிலிருந்து வரும் கத்தரிகளின் மூட்டுக்குள் என்னென்னவோ ஒட்டியிருக்கும். குழாயடியில் பிடித்து, பிரஷ் போட்டுத் தேய்த்து, விரித்துப் பார்த்து, மறுபடி தேய்ப்பாள். கழுவி முடித்த கையோடு போய் உட்கார்ந்து சாப்பிடவும் செய்வாள். அவளுக்குக் குமட்டியது ஒரே ஒரு பொருளைக் கண்டுதான். அது இன்சார்ஜின் வாயோரத்து முட்டை மஞ்சள்.

அந்த ஆஸ்பத்திரியில் கருவிகளைக் கழுவி, துணியில் கட்டி, ஆட்டோகிளேவில் நீராவி கொடுத்துக் கிருமி நீக்கி அனுப்பும் அறைக்கு அவர்தான் தலைவர். தினமும் பத்து மணிக்கு அவித்த முட்டை ஒன்றை மேசை விளிம்பில் தட்டி உரிப்பார். தின்றுகொண்டே பேசுவார், பேசிக்கொண்டே கோபப்படுவார். கோபம் வருவதற்கு முன்னால் மூக்கில் ஒரு சத்தம் வரும். அதனால் அறையில் அவருக்கு 'விசில்' என்று பெயர். அவர் அவளுக்கு வைத்த பெயர் 'டிகிரி'. அந்த அறையில் பட்டம் வாங்கியவள் அவள் ஒருத்தி. அவள் வீட்டிலும் அவள் ஒருத்திதான்.

அன்றைக்கு முட்டை பாதியில் இருக்கும்போது தியேட்டரிலிருந்து ஒரு பொட்டலம் திரும்பி வந்தது. துணியை விரித்தபோது உள்ளே டிரே முழுக்க நீர்த்துளி. ஈரம் இருந்தால் அந்தப் பொட்டலம் கிருமி நீங்கியதாகக் கணக்கில் வராது. ஈரத்தின் வழியே வெளியிலிருக்கும் அழுக்கு உள்ளே இறங்கிவிடும். மேலே ஒட்டிய டேப்பில், சூடு ஏறியதைக் காட்டும் கோடுகள் கறுத்திருந்தாலும் பயனில்லை.

மூக்கில் சத்தம் வந்தது. “இது யாரு கட்டினது?”

அவள் முன்னால் வந்தாள்.

“நீதானா. டிகிரி மேடம்தானா. மூணு வருஷம் காலேஜுல என்ன, பெஞ்சு தொடச்சியா. உள்ள பாரு, குளிச்சிட்டு வந்த மாதிரி ஈரம். சூடு ஆறதுக்கு முன்னாடி எடுத்து ஸ்டீல் மேசையில போட்டா வேர்க்காம என்ன பண்ணும். அங்க ஆளைப் படுக்க வச்சிட்டு டாக்டர் நாப்பது நிமிஷம் நின்னிருக்காரு. உங்க வீட்டுல முன்ன பின்ன யாராவது இந்த மாதிரி எடத்துல வேலை பார்த்திருந்தாதானே தெரியும். மூஞ்சியப் பாரு, எப்பவும் தூங்கி எந்திரிச்ச மாதிரி. உன்னை வேலைக்கு எடுத்தவனைச் சொல்லணும். போ. கண்ணு முன்னாடி நிக்காத.”

மஞ்சள் துணுக்கு ஒன்று அவர் உதட்டிலிருந்து பறந்து வந்து விரித்த துணியின்மேல் விழுந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். அறையில் இருந்த ஐந்து பேரும் அவரவர் கையைப் பார்த்தார்கள். பிறகு அவள் கழிவறைக்குப் போனாள்.

கண்ணாடியில் தெரிந்த முகம் அவர் சொன்ன மாதிரியே தூங்கி எழுந்ததுபோல் இருந்தது. அதுதான் அவளுக்குப் பயத்தைக் கொடுத்தது. இந்த வழி அவளுக்கு நன்றாகத் தெரியும். இரண்டு முறை போய்வந்திருக்கிறாள்.

முதல் வேலை ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில். அங்கே ஒருத்தி 'மரமண்டை' என்றாள். ஒரே ஒரு சொல். அதை அவள் பதினொரு நாள் வாயில் போட்டு மென்றாள். முதல் நாள், அந்தச் சொல். இரண்டாம் நாள், பார்ப்பவரிடமெல்லாம் “என் மேலதான் தப்பா?” என்று கேட்பது. 'இல்லப்பா' என்று அவர்கள் சொன்னால் அரைமணி நேரம் தாங்கும், அப்புறம் இன்னொருவரைத் தேட வேண்டும். நாலாம் நாளுக்குள் கைக்கும் மனசுக்கும் தொடர்பு விட்டுப்போகும். மூன்று தடவை சரிபார்த்ததில் எந்தத் தடவை நிஜமாகப் பார்த்தோம் என்று தெரியாது. சந்தேகம் கேட்கக் கூச்சம். கேட்காததால் இன்னொரு தப்பு. பன்னிரண்டாம் நாள் அவள் போகவில்லை. இரண்டாவது வேலையிலும் இதே கதைதான், நாட்கள் மட்டும் குறைவு.

இது மூன்றாவது வேலை. கைப்பையின் பின் அறையில் ராஜினாமாக் கடிதம் மடித்து இருந்தது. இரண்டாவது வேலையை விடும்போது எடுத்த பிரதிகளில் மிஞ்சியது. தேதியையும் வேலை பார்க்கும் இடத்தின் பெயரையும் மாற்றினால் போதும். இதையும் விட்டால் நாலாவதாக ஒன்று தனக்குக் கிடைக்காது என்று அவள் நம்பினாள். கிடைத்தாலும் அங்கேயும் ஒரு வாய் இருக்கும்.

வெளியே வந்தபோது தள்ளுவண்டி அண்ணன் நின்றிருந்தார். பொட்டலங்களைத் தியேட்டருக்குக் கொண்டுபோகிறவர்.

“விடு தங்கச்சி, அந்தாளு அப்படித்தான். நீ தங்கமான பொண்ணு.”

“நான்...” என்று தொடங்கினாள். 'என் மேலதான் தப்பா அண்ணே' என்பது நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. விழுங்கினாள். விழுங்கியது எச்சில் மாதிரி வழவழவென்று இறங்கியது. “அடுத்த லோடு எத்தனை மணிக்கு அண்ணே?”

“ரெண்டரைக்கு.”

மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில், உடை மாற்றும் அறையில், அந்தக் கடிதத்தை எடுத்தாள். தேதி மாற்றத்தான் எடுத்தாள். பேனாவைத் திறந்ததும் காதுக்குள் மறுபடி அவர் குரல். பேசிக்கொண்டேயிருந்தது, நிற்கவில்லை. அலுத்துப்போய்த் தாளைத் திருப்பி, 'சரி சொல்லு, எழுதிக்கறேன்' என்பதுபோல் எழுத ஆரம்பித்தாள். ஆட்டோகிளேவில் ஏற்றும் ஒவ்வொரு லோடுக்கும் அவர்கள் தாளில் எழுதுவார்கள்: எத்தனை மணி, எத்தனை டிகிரி, எவ்வளவு அழுத்தம். அங்கே 'நல்லா சூடாச்சு' என்று எழுதினால் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். நூற்று முப்பத்து நாலு என்றால் நூற்று முப்பத்து நாலு. அப்படியே எழுதினாள், அவர் சொன்னதைச் சொன்னபடி. 'நீதானா' என்பதிலிருந்து தொடங்கிக் கடைசி வரை. எழுதி முடித்து எண்ணினாள். பன்னிரண்டு.

கடைசி வரி: 'உனக்கெல்லாம் இந்த வேலை ஒத்து வராது.'

காலையிலிருந்து அவளை அதிகமாக அறுத்தது அதுதான். படித்துப் பார்த்தாள். 'கண்ணு முன்னாடி நிக்காத' என்று சொல்லிவிட்டு அவர் மீதி முட்டையை எடுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு பேசவில்லை. அவள் கண்ணெதிரே பார்த்தது அது. அப்படியானால் பன்னிரண்டாவதைச் சொன்னது யார்?

அந்த வாக்கியத்தை அவர் சொல்லவே இல்லை. கழிவறைக் கண்ணாடிக்கு முன்னால் அவளே அவர் குரலில் சொல்லிக்கொண்டது. அவர் வாயைக் கடன் வாங்கி, அந்த மஞ்சளோடு சேர்த்துத் தன் வாயில் ஒட்டிக்கொண்டு சொல்லியிருக்கிறாள். உதட்டைக் கைக்குட்டையால் அழுத்தித் துடைத்தாள். பன்னிரண்டாவதை அடித்தாள், மை மறுபக்கம் தெரிகிற அளவுக்கு.

மீதி பதினொன்றையும் அருவருப்போடுதான் பார்த்தாள், கத்தரி மூட்டைப் பார்ப்பதுபோல் விரித்து. காலேஜ் பெஞ்சு, வீடு, மூஞ்சி, எடுத்தவன்: இதிலெல்லாம் நாளைக் காலை கையால் செய்வதற்கு எதுவும் இல்லை. வெறும் எச்சில். வேலையைப் பற்றியவை மூன்றுதான். ஈரமாக இருந்தது: உண்மை. டாக்டர் நின்றார்: உண்மை, நினைத்தால் இன்னும் கூசியது. சூடு ஆறுவதற்கு முன் ஸ்டீல் மேசையில் போட்டாய்.

அதில் பேனா நின்றது. போட்டாள்தான். நேற்று நாலாவது லோடு. சூடான பொட்டலத்தைக் குளிர்ந்த இரும்பின்மேல் வைத்தால் அடியில் நீர் கோக்கும். பயிற்சியில் படித்தது. ஆட்டோகிளேவிலிருந்து இறங்கிய வண்டியிலேயே விட்டுத் தொடாமல் ஆறவைக்க வேண்டும். அந்த மனிதர் வாயிலிருந்து வந்தது என்பதற்காக அது பொய்யாகிவிடாது. ஒப்புக்கொள்ளவே கசப்பாக இருந்தது. அந்த வரியின் கீழே மட்டும் ஒரு கோடு போட்டாள்.

சாயங்காலம் வீட்டில் அக்கா கேட்டாள். அக்கா துணி தேய்க்கும் கடை வைத்திருக்கிறாள். தங்கையின் முகத்தில் சுருக்கம் இருந்தால் அவளுக்குத் தப்பாது.

“என்னடி, யாரு திட்டினது?”

“இன்சார்ஜ். ஒரு பேக் ஈரமாயிடுச்சு. நான் சீக்கிரம் எடுத்துட்டேன்.”

“முட்டைவாயனா? அவனைப் பெத்தவங்க பல்லு வெளக்கச் சொல்லிக் குடுக்கலையா? என்ன சொன்னான், மொதல்லேர்ந்து சொல்லு.”

அவள் மொதல்லேர்ந்து சொன்னாள். அக்கா அவரைக் கிழித்துத் தொங்கவிட்டாள். சிரிப்பாகத்தான் இருந்தது. “அப்புறம்? மூஞ்சியப் பத்தி என்னமோ சொன்னானே, அது எப்படிச் சொன்னான்?” என்று அக்கா இரண்டாம் தடவை கேட்டபோது அவள் நெஞ்சு மறுபடி காலைபோலவே அடித்துக்கொண்டது. அக்காவின் கண்ணில் இருந்த பளபளப்பைப் பார்த்தாள். பாசம்தான், ஆனால் நாக்கைச் சப்புக்கொட்டும் பாசம்.

“போதும்க்கா. வாந்தி எடுத்ததையே எத்தனை தடவை கிளறிப் பார்க்கறது.”

“ஏய், நான் உனக்குப் பரிஞ்சு பேசினா...”

“தெரியும்க்கா. நாளைக்கு என்ன பண்ணணும்னு எனக்குத் தெரியும். அது போதும். அந்த வாளிய இப்படித் தள்ளு.”

துணிகளை அலசினாள். ஏழு மணிக்கு அந்த மூஞ்சி வரி திரும்ப வந்தது. எட்டு மணிக்கும் வந்தது. வரும்போதெல்லாம் 'எழுதியாச்சு' என்று மனசுக்குள் சொல்லிவிட்டு அடுத்த துணியை எடுத்தாள். அது போய்விடவில்லை. ஆனால் உட்கார இடம் கிடைக்காமல் நின்றுகொண்டிருந்தது.

மறுநாள் காலையில், முட்டை உரிப்பதற்கு முன்னால் அவர் மேசைக்குப் போனாள். கைகளைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டாள்.

“சார், அந்த ஈரப் பேக் முந்தாநாள் நாலாவது லோடு. கால்மணி நேரத்துல எடுத்து ஸ்டீல் மேசையில வச்சேன். அது என் தப்பு. இனிமே வண்டியிலயே முக்கால் மணி நேரம் ஆறவிட்டு, தொட்டுப் பார்த்துட்டுத்தான் எடுப்பேன். வேற எதாவது பார்க்கணுமா?”

அவர் இதை எதிர்பார்க்கவில்லை. கண்ணீரையோ முறைப்பையோ எதிர்பார்த்திருப்பார். “கனமான டிரேய மேல் தட்டுல வைக்காத. தண்ணி கீழ சொட்டும்” என்றார்.

“சரி சார். இன்னொண்ணு. தப்பு இருந்தா இந்த மாதிரி சொல்லுங்க, திருத்திக்கறேன். என் வீட்டையும் மூஞ்சியையும் பத்திப் பேச வேணாம்.”

“ஓஹோ. டிகிரி வாயத் தொறந்துடுச்சு” என்று அவர் அறையைப் பார்த்துச் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை, யாரும் அவளுக்காகப் பேசவும் இல்லை. அந்த ஐந்து முதுகுகளைப் பார்க்கவும் அவளுக்குக் கொஞ்சம் அருவருப்பாகத்தான் இருந்தது. மன்னிப்பு எதுவும் வரவில்லை. முட்டைதான் வெளியே வந்தது.

பதினொன்றே காலுக்கு இரண்டாவது லோடு இறங்கியது. வண்டியை ஓரமாக நிறுத்தி நேரம் எழுதினாள். இருபது நிமிடத்தில் தியேட்டரிலிருந்து ஃபோன். அவர் மூக்கில் சத்தம் வந்தது.

“எடு எடு, அங்க கேக்கறாங்க. மேசைல போடு, கீழ துணி விரிச்சுக்கலாம்.”

அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது. முந்தாநாளும் இதே 'எடு எடு'தான். கேட்டுக்கொண்டு எடுத்தவள் அவள். எடுக்கச் சொன்ன வாய் இது. சொல்லிக்காட்ட நாக்கு துடித்தது. வண்டிக்கும் மேசைக்கும் நடுவில் போய் நின்றாள்.

“இன்னும் இருபத்தஞ்சு நிமிஷம் சார். இப்ப எடுத்தா மறுபடி ஈரமாத் திரும்பி வரும். தியேட்டர்ல நான் சொல்லிடறேன்.”

“நீ எனக்குச் சொல்றியா? நேத்து வந்தவ, உங்க...” என்று அவர் ஆரம்பித்தார். நாலு வாக்கியம் வந்தது. அவள் எண்ணினாள். ஒன்றுகூட வேலையைப் பற்றியது இல்லை. ஃபோனை எடுத்துத் தியேட்டர் நர்ஸிடம் நேரத்தைச் சொன்னாள். அந்தப் பக்கம் நர்ஸ், “காஞ்சதா குடுங்க, காத்திருக்கோம்” என்று வைத்துவிட்டாள்.

இருபத்தைந்து நிமிடம் கழித்துக் கையைச் சுத்தம் செய்துகொண்டு முதல் பொட்டலத்தின் அடியைத் தொட்டாள். காய்ந்திருந்தது. தள்ளுவண்டி அண்ணனிடம் கொடுத்தாள்.

கைப்பையில் இருந்த தாளைச் சாயங்காலம் எடுத்தாள். அதன் ஒரு பக்கம் ராஜினாமா, மறுபக்கம் அவர். கோடு போட்ட வரி இனி தாளில் இருக்கத் தேவையில்லை, கைக்கு வந்துவிட்டது. கழுவும் பக்கத்துக் குப்பைத் தொட்டியில், ரத்தம் தோய்ந்த பஞ்சுகளோடு சேர்த்துப் போட்டாள். பிறகு சோப்புப் போட்டு, முழங்கை வரைக்கும், கையைக் கழுவினாள்.