மேல் பாதி காப்பி, கீழ் பாதி டானிக்

ஐஸைக் குறைத்தால் காப்பி கெட்டியாக இருக்கும் என்று நம்புகிறவர்களை எனக்குப் பிடிக்காது. மைசூரில் அப்படிப்பட்டவர்கள் நிறைய. அவர்களில் ஒருவர் என் முதலாளி.

அவர் பரம்பரையாக ஓட்டல் நடத்திய தமிழ்க் குடும்பம். டிகிரி காப்பியை ஒரு முழ உயரத்திலிருந்து ஆற்றிக் காட்டி வளர்ந்தவர். திடீரென்று ஆசை வந்து கஃபே திறந்து, எஸ்பிரெஸோ மெஷின் வாங்கி, அதன் முன்னால் என்னை நிறுத்தினார். மெஷினில் எந்தப் பொத்தான் எதற்கு என்று இன்றுவரை அவருக்குத் தெரியாது. அபிப்பிராயத்துக்கு மட்டும் குறைச்சலில்லை. பேச்சில் சும்மாவுக்கு 'சும்னே', போதும் என்பதற்கு 'சாகு' என்று கன்னடமும் கலக்கும்.

"சும்னே ஏம்மா ஐஸை ரொப்புறே? பாதி கிளாஸ் தண்ணிதானே குடிக்கறாங்க. நாலு கட்டி போடு, சாகு."

நாலு கட்டிதான் தண்ணீராகும். சூடான எஸ்பிரெஸோ பட்டதும் அவை கரைந்து காணாமல் போகும், பானமும் வெதுவெதுவென்று நிற்கும். விளிம்புவரை கெட்டி ஐஸ் இருந்தால் எல்லாம் சட்டென்று குளிர்ந்து, அதற்குப் பிறகு மெதுவாகத்தான் உருகும். இதைப் பத்துத் தடவை சொன்னேன். பத்துத் தடவையும் செல்போனைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினார். அவர் சொன்னபடி நாலு கட்டி போட்டுக் கொடுத்த ஐஸ்டு லாட்டேக்களை ஆட்கள் பாதியில் வைத்துவிட்டுப் போனார்கள். பழி என் கைக்கு வந்தது.

"சனிக்கிழமை மச்சான்மாரு வர்றாங்க. அவங்க குடிச்சுட்டுத் தண்ணின்னு சொன்னா, நீ பில் கவுண்டருக்குப் போயிடு. மெஷினுக்கு வேற ஆள் பார்த்துக்கறேன்."

மச்சான்மார் என்றால் அவர் மனைவியின் அண்ணன்கள் இரண்டு பேர். கஃபேயில் பங்கு அவர்களுக்கும் உண்டு. எனக்கு அந்த மெஷினைத் தவிர அங்கே வேறெதுவும் வேண்டாம். பில் கவுண்டரில் உட்கார்ந்து சிரிப்பதற்கு நான் மூன்று வருஷம் கையைச் சுட்டுக்கொள்ளவில்லை.

சனிக்கிழமை காலை முதலாளி பேச்சை ஓரமாக வைத்தேன். உயரமான கிளாஸை ஃப்ரீசரில் வைத்துக் குளிர வைத்தேன். வாளியில் வியர்த்துக் கிடந்த ஈர ஐஸைத் தொடவில்லை. ஃப்ரீசரிலிருந்து அப்போதுதான் எடுத்த காய்ந்த கட்டிகளை விளிம்புவரை நிரப்பினேன். முதலில் ஜில்லென்ற டானிக் வாட்டர், அதாவது லேசாகக் கசக்கும் இனிப்புச் சோடா. எஸ்பிரெஸோவை முதலில் விட்டு மேலே டானிக் ஊற்றினால் நுரை பொங்கி மேஜைக்கு வந்துவிடும். வழக்கமான அளவு தூளில் தண்ணீரை மட்டும் குறைத்து, கெட்டியாக இரட்டை ஷாட் எடுத்து, ஸ்பூனின் முதுகில் விட்டு, ஐஸ் மேல் மெல்ல வழியவிட்டேன். கீழே சர்க்கரை கலந்த டானிக் கனமாகத் தெளிந்து கிடக்க, மேலே கறுப்பாக எஸ்பிரெஸோ மிதந்தது. கோடு போட்டதுபோல இருந்தது. எனக்கே பெருமையாக இருந்தது.

பெரிய மச்சான் கிளாஸைப் பார்த்தார். பிறகு தம்பியைப் பார்த்தார்.

"மாப்ளே, இவ்ளோ யாரு குடிக்கறது? பை-டூ பண்ணிடுப்பா," என்றார் முதலாளியிடம்.

பை-டூ! இந்த ஊரில் எதையும் இரண்டாகப் பிரித்துத்தான் குடிப்பார்கள். டீயா, காப்பியா, சூப்பா என்று பார்ப்பதில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் முதலாளி வெறும் கிளாஸ் ஒன்றை எடுத்து, பழைய பழக்கத்தில் கையை உயர்த்தி, மேல் பாதியை அதில் சரித்தார். மேல் பாதி முழுக்க எஸ்பிரெஸோ. அது பெரியவருக்குப் போனது. அடியில் தங்கிய டானிக் சின்னவருக்கு.

"இது கஷாயம்பா," என்றார் பெரியவர்.

"எனக்கு வெறும் சோடா மாதிரி இருக்கு," என்றார் சின்னவர்.

முதலாளி என் பக்கம் திரும்பினார். "நான் சொன்னேனா இல்லையா? ஐஸ்!"

எனக்கு வந்த கோபத்தில் அந்த ஸ்பூனை அவர் மேல் எறிந்திருப்பேன். எறியவில்லை. "ஒரு நிமிஷம் சார்," என்று மெஷினுக்குத் திரும்பினேன். மெஷினில் தூள் போட்டு மாட்டும் கைப்பிடிக்கு அடியில் இரண்டு மூக்கு. ஒவ்வொரு மூக்குக்கும் கீழே ஒரு குட்டிக் கப் வைத்தால் ஒரே ஷாட் தானாக இரண்டாகப் பிரியும். இரண்டு சின்ன கிளாஸ்களை எடுத்து ஐஸை விளிம்புவரை நிரப்பி, டானிக்கைப் பாதிப் பாதியாக விட்டு, ஒவ்வொரு கப்பையும் தனித்தனியாக ஸ்பூன் வழியே மிதக்கவிட்டேன். இரண்டிலும் கோடு நின்றது.

அவர்கள் சாவகாசமாகக் குடித்தார்கள், ஊர்க்கதை பேசினார்கள். முழுக்க முடித்தபோதும் ஐஸ் முக்கால்வாசி மிச்சமிருந்தது.

"கடைசி வாய் வரைக்கும் ஸ்ட்ராங்கா இருக்கே. யாரு ஐடியா?" என்றார் பெரியவர்.

"நான்தான் மச்சான். ஐஸ் விஷயத்துல நான் ரொம்ப கறார். இந்தப் பொண்ணுக்கு எல்லாம் நான்தான் சொல்லிக்கொடுத்தது. அல்வாம்மா, அப்படித்தானே?"

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். மெஷின் என் முதுகுக்குப் பின்னால் சூடாக இருந்தது.

"ஆமா சார்," என்றேன்.

மெஷின் எனக்கே நிலைத்தது. அந்தக் கஃபேயில் நான் மதிக்காதவர்களின் வரிசையில் அன்றுவரை முதலாளிதான் முதல் ஆள். அன்றிலிருந்து அந்த இடம் எனக்கு.