வெறும் மிக்ஸி ஓடிய காலை

கள்ளிக்குப்பத்தில் எங்கள் தெருப் பெண்களின் சுயஉதவிக் குழுவில் நான் சேர்ந்ததே, இட்லி மாவு அரைத்து விற்க ஒரு பெரிய கிரைண்டர் வாங்கத்தான். மாதாமாதம் சேமிப்புக் கட்டினேன், கூட்டங்களுக்குத் தவறாமல் போனேன். வங்கி குழுவுக்குக் கொடுத்த கடனில் என் பங்கு கிரைண்டராக வீட்டுக்கு வந்தது. அடமானம் எதுவும் கிடையாது. ஆனால் ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் தலையில் விழும், அடுத்த கடனும் யாருக்கும் கிடைக்காது. நகையை அடகு வைத்து வாங்கியிருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

நான் பிறவிப் பயந்தாங்கொள்ளி. அந்த மழைக்காலத்தில், தவணைக்கு முந்தின நாள், அரைத்துக்கொண்டிருக்கும்போதே மோட்டார் புகைந்து நின்றுவிட்டது. தவணைப் பணம் டப்பாவில் இருந்தது. அதை எடுத்து, மோட்டாரில் எரிந்துபோன கம்பிச் சுருளை மாற்றிக் காயில் கட்டினால் தவணை போச்சு. தவணையைக் கட்டினால் மாவு இல்லை, வாடிக்கை போகும், அடுத்த தவணைக்கு வழியில்லை. அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

குழுவை நடத்தும் ஊக்குநர் அக்கா பக்கத்து வீடு, நடுவில் ஒரு சுவர்தான். காலையில் என் கிரைண்டர் சத்தம் கேட்காவிட்டால் விசாரிக்க வந்துவிடுவார். அதனால் மறுநாள் விடிந்ததும் உள்ளே ஒன்றும் போடாமல் வெறும் மிக்ஸியை ஓடவிட்டேன். அது கத்தியது. நிறுத்தினேன், பயந்துபோய் மறுபடி போட்டேன். கதவு தட்டும் சத்தம் கேட்டதும் மிக்ஸியை நிறுத்தி, விளக்கையும் அணைத்துவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்துகொண்டேன்.

"உள்ளதான் கீறன்னு தெரியும். உன் கிரைண்டர் சத்தம் எனக்குத் தெரியாதா? அது இன்னா அப்படிக் கத்துச்சு? தொற."

திறந்தேன். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன்.

"தவணைப் பணத்துல கை வெக்காத. காயிலுக்கு நம்ம சேமிப்புலருந்து உள்கடன் கேளு. கூட்டத்துல நீதான் வாயத் தொறக்கணும். உனக்காக நான் கேக்க மாட்டேன்."

அன்றைய கூட்டத்தில் தவணையை முதலில் வைத்துவிட்டு எழுந்து நின்றேன். மோட்டார் புகைந்ததையும் வெறும் மிக்ஸி ஓட்டியதையும் சொல்லி உள்கடன் கேட்டேன். "மிக்ஸியும் எரிஞ்சிருந்தா அதுக்கும் கேட்டிருப்பியா?" என்று ஒருத்தி கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். சிரித்தபடியே தீர்மானத்தில் கையெழுத்தும் போட்டார்கள். இரண்டு கடனையும் நாள் தவறாமல் அடைத்து வந்தேன்.

சில மாதம் கழித்து, வீட்டில் ஜாக்கெட் தைக்கும் ஒரு பெண் தவணை நாளில் கூட்டத்துக்கு வரவில்லை. அக்கா என்னைத் துணைக்கு அழைத்துப் போனார். கதவு சாத்தியிருந்தது. உள்ளே ஓடிக்கொண்டிருந்த மின்விசிறி, எங்கள் பேச்சுக் குரல் கேட்டதும் நின்றது. அக்கா தட்டக் கையை ஓங்கினார். உள்ளே சுவரோரம் உட்கார்ந்திருப்பவளுக்கு இப்போது நானும் ஒரு பூச்சாண்டி என்று நினைத்ததும் பழைய பயம் அப்படியே திரும்பி வந்தது. அக்காவின் கையைப் பிடித்து இறக்கினேன்.

"நான்தாம்மா," என்றேன் கதவருகே போய். "வெறும் மிக்ஸிய ஓட்டுனவ."

உள்ளே தாழ்ப்பாள் நகர்ந்தது.